வேலை கேட்டு எழுதும் எட்டு வரி

(வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்காக நம் சங்கம் நடத்திய ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்தவன். வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மொழிபெயர்ப்பாளன் அல்ல. அப்படியிருக்க இந்தத் தலைப்பில் நான் ஏன் பேசுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். வங்கியில் என் மேஜைக்கு முன்னால் அதிகம் உட்கார்ந்தவர்கள் சிறுதொழில் செய்பவர்கள்தான். பொடி அரைப்பவர், அட்டைப்பெட்டி செய்பவர், லேத் பட்டறை வைத்திருப்பவர். ஒரு காகிதத்தை நீட்டினால் அவர்கள் எதை முதலில் படிப்பார்கள், எந்த இடத்தில் மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள் என்று பார்த்துப் பழகியவன் நான். நம் குடியிருப்பில் இப்போது பிரெஞ்சு, ஜெர்மன், இந்தி படித்துவிட்டு வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வேலை கேட்டு எழுத வேண்டியது இந்த மனிதர்களுக்குத்தான். அந்த முதல் செய்தியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

வழக்கமாக அனுப்பப்படும் செய்தி எப்படி இருக்கும்? "மதிப்பிற்குரிய ஐயா, நான் பல ஆண்டு அனுபவமுள்ள மொழிபெயர்ப்பாளர். சட்டம், மருத்துவம், தொழில்நுட்பம், விளம்பரம் என எல்லாத் துறைகளிலும் தரமான சேவையைக் குறைந்த கட்டணத்தில் வழங்குகிறேன். தங்கள் மேலான பதிலை எதிர்பார்க்கிறேன்." இதில் பொய் எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பொடி அரைப்பவருக்கும் அனுப்பலாம், பல் டாக்டருக்கும் அனுப்பலாம். படிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும். அவர் கையில் மாவு, காதில் தொலைபேசி, வாசலில் லாரி. தனக்கு மொழிபெயர்ப்பு வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. அப்படிப்பட்டவரிடம் போய் "உங்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டுமா" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும்.

ஆகவே எழுதுவதற்கு முன் அவருடைய பொருளைப் பார்க்க வேண்டும். எப்படிப் பார்ப்பது என்பதை ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு சொல்கிறேன். உதாரணம் கற்பனை. அதில் வரும் விதிகள் உண்மையானவை.

மதுரைப் பக்கம் ஒருவர் இட்லிப் பொடி, சாம்பார்ப் பொடி, ரசப் பொடி என்று ஆறு வகை தயாரிக்கிறார். கொஞ்சம் சரக்கு கனடாவுக்குப் போகிறது. அங்கே தமிழர்கள் ஏராளம் என்பது உங்களுக்குத் தெரியும். கனடாவில் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஆட்சி மொழிகள். அங்கே கடையில் விற்கும் பாக்கெட் உணவில் பொருளின் பெயர், எடை, சேர்மானப் பட்டியல், ஒவ்வாமை எச்சரிக்கை ஆகியவை பொதுவாக இரண்டு மொழியிலும் இருக்க வேண்டும். தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும் மட்டும் ஏதாவது ஒரு மொழியில் இருந்தால் போதும். சில வகை உணவுகளுக்கு விலக்கும் உண்டு. அதனால் நம் மதுரைக்காரர் பாக்கெட்டில் ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் பிரெஞ்சு என்று அச்சடித்திருக்கிறார். அந்தப் பாக்கெட்டின் படம் அவருடைய இணையதளத்திலேயே இருக்கிறது.

இப்போது நீங்கள் பிரெஞ்சு படித்தவர். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, இரண்டு பக்கத்தையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். வங்கியில் பேரேட்டையும் ரசீதையும் பக்கத்தில் வைத்து டிக் அடிப்போமே, அது மாதிரி. கால் மணி நேரம் போதும். இந்த உதாரணத்தில் மூன்று விஷயங்கள் கண்ணில் படுவதாக வைத்துக்கொள்வோம்.

முதலாவது, கடலைப் பருப்பு. நம் ஊர் ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் 'பெங்கால் கிராம்'. உளுந்து 'பிளாக் கிராம்'. இந்த 'கிராம்' பருப்பைக் குறிக்கும் சொல். பிரெஞ்சு மட்டும் தெரிந்து நம் சமையலறை தெரியாத ஒருவர் அதை எடை கிராம் என்று நினைத்து, 'வங்காளத்து எடை' என்ற பொருள் வரும்படி எழுதிவிட்டார். கடலைப் பருப்பு என்பது உடைத்த கொண்டைக்கடலைதான். பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொண்டைக்கடலை நன்றாகத் தெரியும். 'ப்வா ஷிஷ்' என்பார்கள். உடைத்தது என்று சேர்த்து எழுதியிருந்தால் முடிந்திருக்கும்.

இரண்டாவது, தேதி. பாக்கெட்டில் 05/06 என்று போட்டிருக்கிறது. நமக்கு அது ஜூன் 5. வட அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதிப் பழகியவருக்கு மே 6. கனடாவில் 'இந்தத் தேதிக்குள் உபயோகிக்கவும்' என்பதற்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை. இரு மொழிக்கும் பொதுவாக மாதத்துக்கு இரண்டெழுத்துக் குறியும் வகுத்து வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, பெருங்காயம். நாம் கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயம் முழுக்கப் பெருங்காயம் அல்ல. அசல் பெருங்காயப் பிசினோடு கருவேலம் பிசினும் மாவும் கலந்துதான் கட்டியாகவோ பொடியாகவோ செய்கிறார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் கோதுமை மாவு. நம் மதுரைக்காரர் நேர்மையானவர். ஆங்கிலப் பக்கத்தில் பெருங்காயத்துக்கு அருகில் அடைப்புக்குறிக்குள் 'கோதுமை மாவு' என்று எழுதியிருக்கிறார். பிரெஞ்சுப் பக்கத்தில் பெருங்காயம் மட்டும் இருக்கிறது. அடைப்புக்குறியும் அதற்குள் இருந்ததும் காணோம்.

இந்த மூன்றில் எதைச் செய்தியில் எழுதுவது? மூன்றையும் எழுதலாம் என்றுதான் கை துறுதுறுக்கும். எழுதினால் அது தணிக்கை அறிக்கையாகிவிடும். ஆடிட் ஆட்சேபணை வந்தால் மேலாளர் முகம் எப்படிப் போகும் என்று நான் பார்த்திருக்கிறேன். யாரும் சந்தோஷமாகப் பதில் எழுதியதில்லை. ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

நான் பெருங்காயத்தைத்தான் சொல்வேன். அதற்குக் காரணம் இரண்டு. முதல் காரணம், அதில்தான் ஒருவருடைய உடம்பு சம்பந்தப்பட்டிருக்கிறது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். சீலியாக் நோய் உள்ளவர்களுக்குக் கோதுமையில் உள்ள குளூட்டன் சிறிதளவு போனாலும் குடலுக்குக் கேடு. இட்லிப் பொடியில் கோதுமை இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு மட்டும் படிக்கும் ஒருவருக்கு அந்த ஒரு சொல்தான் எச்சரிக்கை. கனடாவில் கட்டாயம் சொல்லியாக வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களில் கோதுமை, எள், கடுகு மூன்றும் இருக்கின்றன. நம் பொடிகளில் இந்த மூன்றும் அடிக்கடி வருபவை. சொல்லாமல் விட்டது தெரிந்தால் அந்த நாட்டு உணவு ஆய்வுத் துறை சரக்கைத் திரும்பப் பெறச் சொல்லி அறிவிப்பு வெளியிடும்.

இரண்டாவது காரணம், அதை நீங்கள் உறுதியாகச் சொல்ல முடியும். அவர் என்ன பெருங்காயம் வாங்குகிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. ஆனால் ஒரு பக்கத்தில் இருக்கும் சொல் மறுபக்கத்தில் இல்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அது மொழிபெயர்ப்பாளரின் எல்லைக்குள் வரும் விஷயம். அவரும் தன் பாக்கெட்டை எடுத்துப் பார்த்து அரை நிமிடத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை, அடைப்புக்குறி இருக்கிறதா இல்லையா என்று பார்த்தாலே போதும்.

இனி செய்தியை எழுதுவோம். மின்னஞ்சலோ வாட்ஸப்போ, அவர் இணையதளத்தில் வியாபாரத் தொடர்புக்கென்று எதைக் கொடுத்திருக்கிறாரோ அதற்கு அனுப்புங்கள்.

"வணக்கம் ஐயா. நான் சென்னையில் இருக்கும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர். உங்கள் இணையதளத்தில் 200 கிராம் இட்லிப் பொடி பாக்கெட்டின் படம் பார்த்தேன். ஆங்கிலப் பக்கத்தில் பெருங்காயத்துக்கு அருகே 'கோதுமை மாவு' என்று இருக்கிறது. பிரெஞ்சுப் பக்கத்தில் அது விடுபட்டிருக்கிறது. பிரெஞ்சில் அது 'ஃபரீன் து ப்ளே'. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் படித்தால் தெரியாமல் போய்விடும் என்பதால் சொல்கிறேன். ஒரு லேபிளின் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுத் திருத்தித் தர 1,500 ரூபாய், இரண்டு வேலை நாள். அச்சகத்திலிருந்து மாதிரி வந்ததும் ஒருமுறை சரிபார்ப்பதும் இதில் அடக்கம். அடுத்த அச்சு எப்போது போகிறது என்று சொல்ல முடியுமா?"

கீழே உங்கள் பெயர், தொலைபேசி எண். அவ்வளவுதான். எட்டு வரி. திரையை ஒருமுறை தள்ளினால் படித்து முடித்துவிடலாம்.

இதில் சிலவற்றைக் கவனியுங்கள். உங்களைப் பற்றி ஒரே வாக்கியம்தான் இருக்கிறது. பட்டயம், மதிப்பெண், அனுபவம் எதுவும் இல்லை. விடுபட்ட சொல்லைக் கண்டுபிடித்ததே உங்கள் சான்றிதழ். அவர் கேட்டால் மற்றதை அனுப்பலாம்.

அடுத்து, விடுபட்ட சொல் என்ன என்பதையே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். "இலவசமாகச் சொல்லிவிட்டால் அவர் தானே திருத்திக்கொள்வாரே" என்று யோசிக்கத் தோன்றும். திருத்திக்கொள்ளட்டும். ஒருவருடைய உடம்பைப் பற்றிய எச்சரிக்கையைக் காசு வந்தால்தான் சொல்வேன் என்று பிடித்து வைக்கக் கூடாது. அது வியாபாரமும் அல்ல, மிரட்டல் மாதிரி ஆகிவிடும். "உங்கள் லேபிளில் கடுமையான பிழை இருக்கிறது, விவரம் வேண்டுமானால் அழைக்கவும்" என்று எழுதிப் பாருங்கள். எனக்கே அப்படி வந்தால் எண்ணைத் தடை செய்துவிடுவேன். கடலைப் பருப்பும் தேதியும் உங்கள் கையில் இன்னும் இருக்கின்றன. அவை வேலையின் பகுதியாக வரட்டும்.

சட்டம் என்ற சொல்லும் அதில் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். அபராதம், பறிமுதல் என்று எழுதினால் அவர் உங்களை மொழிபெயர்ப்பாளராகப் பார்க்க மாட்டார், ஏதோ இலாகாவிலிருந்து வந்தவர் என்று நினைப்பார். மேலும், லேபிள் சட்டப்படி சரியா என்று சொல்வது உங்கள் வேலையும் அல்ல. எந்த உணவுக்கு விலக்கு உண்டு, ஊட்டச்சத்து அட்டவணை எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் இறக்குமதி செய்பவரும் அதற்கான ஆலோசகரும் பார்க்க வேண்டியவை. ஆங்கிலத்தில் இருப்பது பிரெஞ்சில் முழுமையாகவும் சரியாகவும் இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் நீங்கள் பொறுப்பு. "சட்டப்படி எல்லாம் சரியாக்கித் தருகிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டால், நாளை கப்பலில் போன சரக்குக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இனி கட்டணம். மொழிபெயர்ப்பில் சொல்லுக்கு இவ்வளவு என்பதுதான் வழக்கம். லேபிளுக்கு அது ஒத்துவராது. கணக்குப் பார்ப்போம். ஒரு லேபிளில் 120 சொல் இருக்கிறது, சொல்லுக்கு 3 ரூபாய் என்றால் 360 ரூபாய். ஆனால் வேலை என்ன? படத்தைப் படித்து ஒப்பிடுவது ஒரு மணி நேரம். எந்தப் பெருங்காயம், எந்த எண்ணெய் என்று அவரிடம் கேட்டுத் தெளிந்து எழுதுவது ஒரு மணி நேரம். அச்சக மாதிரி வந்ததும் பிரெஞ்சு எழுத்துகளின் மேலுள்ள குறிகள் விழுந்திருக்கின்றனவா, வரி பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு மணி நேரம். மூன்று மணி நேரத்துக்கு 360 ரூபாய் கட்டாது. அதனால்தான் லேபிளுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. 1,500 என்பது நான் வைத்த உதாரணம். உங்கள் தொகையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் முதல் செய்தியிலேயே எழுதுங்கள். விலை தெரியாத பொருளைச் சிறுதொழில்காரர் தொட மாட்டார். அவர் மனதில் ஆறு வகைக்கும் பெருக்கி 9,000 என்று ஒரு கணக்கு ஓட வேண்டும்.

கடைசி வரியில் கேள்வி ஒன்றே ஒன்று. அதற்கு "அடுத்த மாதம்" என்று இரண்டு சொல்லில் பதில் போடலாம். "என் சேவையைப் பயன்படுத்திக்கொள்வீர்களா" என்று கேட்டால் அவர் ஒரு முடிவு எடுக்க வேண்டும். அச்சுத் தேதியைக் கேட்டால் தெரிந்த விஷயத்தைச் சொன்னால் போதும். அந்தத் தேதி உங்களுக்கும் முக்கியம். பத்தாயிரம் உறை நேற்றுத்தான் அச்சாகி வந்திருக்கிறது என்றால், இந்த மாதம் அவர் முழு லேபிளுக்குப் பணம் செலவழிக்க மாட்டார். அப்போதைக்கு விடுபட்ட வரியை மட்டும் ஸ்டிக்கராக அடித்து ஒட்டலாம். அந்த ஸ்டிக்கரில் என்ன இருக்க வேண்டும் என்று எழுதித் தருவதும் ஒரு வேலைதானே.

இனி பதில்கள். "அதையெல்லாம் அங்கே சரக்கு எடுப்பவரே பார்த்துக்கொள்வார்" என்று வரலாம். பல சமயம் அது உண்மையும்கூட. இறக்குமதியாளரே ஸ்டிக்கர் ஒட்டி விற்பது உண்டு. விவாதம் செய்யாதீர்கள். "நல்லது ஐயா, அவருக்கு இந்த ஒரு வரியை அனுப்பிவிடுங்கள்" என்று எழுதுங்கள். பிரெஞ்சு வாசகத்தைத் தீர்மானிப்பவர் யார் என்று தெரிந்துகொண்டீர்கள், அதுவே லாபம். "என் தங்கை மகனுக்குப் பிரெஞ்சு தெரியும்" என்று வந்தாலும் அப்படித்தான். பதிலே வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒருமுறை நினைவூட்டுங்கள். "ஐயா, கோதுமை மாவு விடுபட்டதைப் பார்த்தீர்களா? அதை மட்டுமாவது அச்சகத்துக்குச் சொல்லிவிடுங்கள்" என்று இருந்தால் போதும். அதற்குப் பிறகு நிறுத்திவிடுங்கள். மூன்றாவது செய்தி கடன் வசூல் மாதிரி ஆகிவிடும். அந்த வேலையையும் வங்கியில் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

"சரி, செய்து கொடுங்கள்" என்று வந்தால் மூன்று விஷயங்களை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். எந்த லேபிள், எவ்வளவு தொகை, என்றைக்குத் தர வேண்டும். பாதித் தொகை முன்பணம், மீதி அச்சக மாதிரியைச் சரிபார்த்ததும். ஜி.எஸ்.டி. எண் கேட்டுச் சிலர் தயங்குவார்கள். சேவைத் தொழிலில் பொதுவாக ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பதிவு கட்டாயமில்லை. ஆகவே பில்லில் வரி சேர்க்காமல், வரிசை எண் போட்டுக் கொடுத்தால் போதும். அந்த பில்லின் நகலை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

கடைசியாக, இங்கே எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் குடியிருப்பில் ஊறுகாய், தின்பண்டம் தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கும் இப்படிச் செய்திகள் வரும். யார் வேலை தெரிந்தவர் என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. "பெங்கால் கிராம் என்பதை எப்படி எழுதுவீர்கள்" என்று கேளுங்கள். தெரிந்தவர் உடனே மொழிபெயர்க்க மாட்டார். "கடலைப் பருப்பா, முழுக் கொண்டைக்கடலையா, பொட்டுக்கடலையா?" என்று உங்களைத் திருப்பிக் கேட்பார். பொட்டுக்கடலை என்றால் வறுத்தது என்று சேர்க்க வேண்டும் அல்லவா? அப்படிக் கேட்பவருக்கு முன்பணம் கொடுக்கலாம்.

கூட்டம் முடிந்ததும் உங்களில் யாராவது ஒரு செய்தியை எழுதி எடுத்து வந்தால், பொடி அரைப்பவர் இடத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன். எங்கே மடித்துப் பையில் வைத்துவிடுவேன் என்று மட்டும் குறித்துத் தருவேன். பிரெஞ்சைத் திருத்தச் சொல்லாதீர்கள், அது எனக்குத் தெரியாது.